எட்டுப் பேர், 544 கிலோ

இந்தியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டில் பொத்தான்களுக்கு மேலே பொருத்தியிருக்கும் சிறு தகட்டில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்: 8 பேர், 544 கிலோ. சிறிய கட்டடமாக இருந்தால் 6 பேர், 408 கிலோ. வீட்டுக்குள் வைக்கும் லிஃப்ட் என்றால் 4 பேர், 272 கிலோ. எடையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே விடைதான் வரும்: 68. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 14665 ஒரு பயணியின் சராசரி எடையை 68 கிலோ என்று வைத்துக்கொண்டது. இது ஏறத்தாழ 150 பவுண்டு. 10 பேருக்கு 680, 13 பேருக்கு 884, 20 பேருக்கு 1360 என்று எல்லாத் தகடுகளும் இந்தப் பெருக்கல் வாய்பாட்டில் வருபவைதான்.

ஐரோப்பாவில் தயாராகும் லிஃப்டில் 630 கிலோ, 8 பேர் என்று இருக்கும். அங்கே ஒரு பயணிக்கு 75 கிலோ. 630-ஐ 75-ஆல் வகுத்தால் 8.4, பின்னத்தை விட்டுவிட்டு 8 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் ஒரு பயணிக்கு 65 கிலோ என்பதே நெடுநாள் வழக்கம். 600 கிலோ லிஃப்டை அங்கே 9 பேருக்கு உரியதாகக் குறித்தார்கள். ஆகவே ஆட்களின் எண்ணிக்கை என்பது இயந்திரத்தின் இயல்பு அன்று. இயந்திரத்துக்குத் தெரிந்தது கிலோ மட்டுமே. அந்தக் கிலோவை மனிதர்களாக மாற்றிச் சொல்வதற்கு ஒரு விதி தேவைப்படுகிறது. அந்த விதியில் சராசரி எடை பாதிதான். மறு பாதி லிஃப்டின் தரைப்பரப்பில் இருக்கிறது. தகட்டில் அது எழுதப்படுவதில்லை.

தரைப்பரப்புக்கு இங்கே ஏன் வேலை வந்தது என்பதை அறிய, தகட்டில் உள்ள 544 கிலோ எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது கம்பிக் கயிறு அறுந்துபோகும் எடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கயிறு அந்த அமைப்பில் மிக வலுவான உறுப்பு. மூன்றோ அதற்கு மேலோ கயிறுகளில் தொங்கும் லிஃப்டில், தாங்க வேண்டிய எடையைப் போலக் குறைந்தது 12 மடங்கு எடைக்குக் கயிறுகள் ஈடுகொடுக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் கூடும்போது முதலில் சிக்கலுக்கு உள்ளாவது கயிறு அன்று. பிரேக்கும், கயிறு சுற்றி ஓடும் பெரிய சக்கரத்தின் பிடிப்பும்தான்.

லிஃப்டின் கேபின் கயிற்றின் ஒரு முனையில் தொங்குகிறது. மறுமுனையில் வார்ப்பிரும்பு அல்லது கான்கிரீட் பாளங்களை அடுக்கிய எதிர் எடை தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மோட்டாரோடு இணைந்த சக்கரம். கயிறு சக்கரத்தின் பள்ளத்தில் பதிந்து கிடக்கிறதே தவிர, அதில் கட்டப்பட்டிருக்கவில்லை. உராய்வு ஒன்றுதான் பிடிப்பு. எதிர் எடையை வெறும் கேபினின் எடைக்குச் சமமாக வைப்பதில்லை. கேபினின் எடையோடு, லிஃப்டின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியையும் கூட்டி வைக்கிறார்கள். வெறும் கேபின் 800 கிலோ, கொள்ளளவு 544 கிலோ என்றால் எதிர் எடை 800-உம் 272-உம் சேர்ந்து 1072 கிலோ. யாரும் ஏறாதபோது எதிர் எடைப் பக்கம் 272 கிலோ கனம். 544 கிலோ ஏறிவிட்டால் கேபின் பக்கம் 1344 ஆகிறது. இப்போது அந்தப் பக்கம் 272 கிலோ கனம். மொத்தம் ஒன்றரை டன்னுக்கு மேல் தொங்கினாலும், மோட்டாரும் பிரேக்கும் கையாள வேண்டிய வித்தியாசம் எந்த நேரத்திலும் 272 கிலோவைத் தாண்டுவதில்லை. தராசின் இரு தட்டுகளையும் ஏறக்குறைய சமமாக வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் விரலால் தூக்குவது போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டுக்குப் பலவீனமும் உண்டு. அதே லிஃப்டில் சராசரி 75 கிலோ எடையுள்ள 13 பேர் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏறியது 975 கிலோ. கேபின் பக்கம் 1775, எதிர்ப்பக்கம் 1072. வித்தியாசம் 703 கிலோ. கேபினில் ஏறிய எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பிரேக் பிடித்து நிறுத்த வேண்டிய வித்தியாசமோ இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பிரேக் தளரலாம், அல்லது பிரேக் பிடித்திருக்கும்போதே சக்கரத்தின் மீது கயிறு வழுக்கலாம். இரண்டிலும் விளைவு ஒன்றே: கதவு திறந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேபின் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். ஒருவரின் ஒரு கால் தளத்திலும் மறு கால் கேபினிலும் இருக்கும் நேரம் அது. அதிக எடை ஏற்றுவதில் மிகவும் அஞ்ச வேண்டிய ஆபத்து கயிறு அறுவதைவிட இதுதான்.

ஒரு புதிய லிஃப்டை ஒப்படைக்கும் முன் கொள்ளளவில் 125 சதவீத எடையை ஏற்றிச் சோதிப்பது வழக்கம். 544 கிலோ லிஃப்டில் 680 கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்கி, கயிறு வழுக்காமல் நிற்கிறதா, இறங்கும்போது பிரேக் போட்டால் நிறுத்துகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கூடுதல் 136 கிலோ, தேய்மானத்துக்கும் பிரேக்கின் தளர்வுக்கும் ஒதுக்கிய இருப்பு. இன்னும் இரண்டு பேர் ஏறலாம் என்ற அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

544 கிலோவைத் தாண்டாமல் காப்பது யார்? தகட்டைப் படித்து, தலைகளை எண்ணி, மனத்துக்குள் கூட்டிப் பார்த்து ஏறுவார்கள் என்று மக்களை நம்பி ஓர் இயந்திரத்தை வடிவமைக்க முடியாது. திருமண மண்டபத்தில் பந்திக்கு நேரமாகிவிட்டால் இடம் இருக்கும்வரை ஏறுவார்கள். அதனால்தான் விதி வகுத்தவர்கள் கட்டுப்பாட்டை எழுத்தில் வைக்காமல் இடத்திலேயே வைத்தார்கள். இந்தக் கொள்ளளவு உள்ள லிஃப்டின் தரை இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று ஓர் உச்ச வரம்பு. நெருக்கியடித்து நின்றாலும் ஆபத்தான எடை சேராத அளவுக்குத் தரையைச் சுருக்கிவிட்டால், எண்ணத் தெரியாத குழந்தைகள் ஏறினாலும் லிஃப்ட் பாதுகாப்பாக இருக்கும்.

ஐரோப்பியத் தர நிர்ணயமான ஈஎன் 81-20-இல் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. உலகில் பல நாடுகள் அதைப் பின்பற்றுவதால் அதையே இங்கே எடுத்துக்கொள்ளலாம். 450 கிலோ லிஃப்டின் தரை 1.30 சதுர மீட்டரை மிஞ்சக் கூடாது. 630 கிலோவுக்கு 1.66. ஆயிரம் கிலோவுக்கு 2.40. 1600 கிலோவுக்கு 3.56. 2500 கிலோவுக்கு 5.00, அதற்கு மேல் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 0.16 சதுர மீட்டர் கூட்டிக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாத எடை என்றால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரு எண்களுக்கு நடுவே விகிதப்படி கணக்கிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தரை பெரிதாகப் பெரிதாக, ஒரு சதுர மீட்டருக்கு ஈடுகொடுக்க வேண்டிய எடையும் கூடுகிறது. 450 கிலோ லிஃப்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 346 கிலோ. ஆயிரம் கிலோ லிஃப்டில் 417. 2500 கிலோ லிஃப்டில் 500. தரையை இரு மடங்காக்கினால் கொள்ளளவை இரு மடங்காக்கினால் போதும் என்று நினைப்பது தவறு. சிறிய கேபினில் சுவரோரத்தில் வீணாகும் இடம் அதிகம். மனித உடலின் குறுக்கு வெட்டு நீள்வட்டம் போன்றது. தோளும் மூலையும் பொருந்தாமல் இடைவெளிகள் விழும். ஒருவர் திரும்பி நின்று மற்றவருக்கு இடம் விடவும் வழி குறைவு. பெரிய கேபினிலோ ஒருவரின் தோளுக்கும் இன்னொருவரின் முதுகுக்கும் நடுவே மூன்றாமவர் நுழைந்துவிட முடியும். கூட்டம் பெரிதானால் நெருக்கமும் கூடும். ஆகவே பெரிய லிஃப்டை அதற்கு ஏற்ற வலுவோடு கட்டியாக வேண்டும்.

உச்ச வரம்பு ஒன்று போதாது. மறுபுறமும் ஒரு சிக்கல் இருக்கிறது. வலுவான இயந்திரத்தைப் பொருத்திவிட்டு, கேபினை மிகச் சிறியதாகச் செய்து, 15 பேர் என்று தகடு அடிக்க ஒருவர் முயலலாம். எடைக்குக் குறை இருக்காது; ஆனால் 15 பேர் உள்ளே நிற்கவே முடியாது. கட்டட உரிமையாளருக்கு அது பொய்க் கணக்கு. இதைத் தடுக்க இரண்டாவது பட்டியல்: இத்தனை பேர் என்று தகட்டில் எழுத வேண்டுமானால் தரை குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும். ஒருவருக்கு 0.28 சதுர மீட்டர், நால்வருக்கு 0.79, ஆறு பேருக்கு 1.17, ஏழு பேருக்கு 1.31, எட்டுப் பேருக்கு 1.45. ஏழிலிருந்து இருபதுவரை ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் 0.14 சதுர மீட்டர் சேர்கிறது. இருபது பேருக்கு 3.13. இருபதைத் தாண்டினால் ஒருவருக்கு 0.115 போதும். மேலே சொன்ன அதே காரணம்தான் இங்கேயும் எண்களைச் சுருக்குகிறது.

இனி விதி முழுமையாகிறது. கொள்ளளவை 75-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டால் ஓர் எண் கிடைக்கும். தரைப்பரப்பை இரண்டாவது பட்டியலில் பார்த்தால் இன்னோர் எண் கிடைக்கும். இரண்டில் எது சிறியதோ அதுவே தகட்டில் எழுத வேண்டிய எண்ணிக்கை. இவற்றுக்கு முன்பாக, தரை உச்ச வரம்புக்குள் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது தவறினால் எண்ணிக்கையைக் கணக்கிடுவதற்கே இடமில்லை, கொள்ளளவைக் கூட்டியாக வேண்டும்.

நம் ஊர்களில் சாதாரணமாகக் காணப்படும் எட்டுப் பேர் லிஃப்டை இந்த விதியில் வைத்துப் பார்க்கலாம். ஐஎஸ் 14665 பரிந்துரைத்த அளவின்படி அதன் உட்புறம் 1.3 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழம். பெருக்கினால் 1.43 சதுர மீட்டர். பதினைந்தரைச் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு.

முதலில் உச்ச வரம்பு. பட்டியலில் 525 கிலோவுக்கு 1.45, 600 கிலோவுக்கு 1.60. நடுவில் உள்ள 544-க்கு விகிதப்படி கணக்கிட்டால் 1.49 வருகிறது. கேபின் 1.43 என்பதால் வரம்புக்குள் இருக்கிறது. பாதுகாப்பில் குறை இல்லை. அடுத்தது எடைக் கணக்கு. 544-ஐ 75-ஆல் வகுத்தால் 7.25, ஏழு பேர். கடைசியாகத் தரைக் கணக்கு. எட்டுப் பேருக்கு 1.45 வேண்டும், இருப்பது 1.43. இரண்டு சதவீதத்துக்கும் குறைவான குறைதான் என்றாலும் விதியில் சலுகை கிடையாது. ஆகவே ஏழு பேர். எடையும் தரையும் இங்கே ஒரே விடையைத் தருகின்றன: ஐரோப்பிய விதியில் இந்த லிஃப்ட் ஏழு பேருக்கு உரியது. நடைமுறையும் அதை ஆமோதிக்கிறது. ஆறு பெரியவர்கள் ஏறியதுமே அந்த லிஃப்ட் நிரம்பிவிட்டதாகத் தோன்றும். ஏழாமவர் ஏறினால் பைகளை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மற்ற அளவுகளிலும் இப்படித்தான். 1.1 மீட்டருக்கு 1 மீட்டர் உள்ள ஆறு பேர் லிஃப்ட் அங்கே ஐந்து பேருக்கு. 1.1-க்கு 0.7 உள்ள நால்வர் லிஃப்ட் மூவருக்கு. 13 பேர் லிஃப்டில் கணக்கு இன்னும் சுவையானது. அதன் தரை 2 மீட்டருக்கு 1.1 மீட்டர், அதாவது 2.20 சதுர மீட்டர். கொள்ளளவு 884 கிலோ. ஐரோப்பியப் பட்டியலில் 884 கிலோவுக்கு உச்ச வரம்பு 2.17தான் வருகிறது. கேபின் அதைச் சற்றுத் தாண்டிவிட்டது. 2.20 சதுர மீட்டர் தரைக்கு அந்தப் பட்டியல் கேட்பது 900 கிலோ. ஆகவே அங்கே அந்தக் கேபினுக்கு எதிர் எடை, பிரேக், மோட்டார் எல்லாவற்றையும் 900-க்கு வடிவமைத்து, 12 பேர் என்று தகடு பொருத்துவார்கள். இதனால் இந்திய லிஃப்ட் ஆபத்தானது என்று ஆகிவிடாது. இரண்டும் தத்தம் சராசரி எடைக்குப் பொருந்தும்படி எழுதப்பட்ட விதிகள். ஒரு விதியின் தரைப்பரப்பையும் இன்னொரு விதியின் ஆள் எடையையும் கலந்து கணக்கிட்டால்தான் தவறு நேரும். வெளிநாட்டுக் கேபினைத் தருவித்து உள்ளூர் இயந்திரத்தோடு இணைக்கும் இடங்களில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

தரை பெரிதாகிப்போகும் நிலையையும் ஓர் உதாரணத்தில் காணலாம். 630 கிலோ லிஃப்டுக்கு வழக்கமான கேபின் 1.1 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம், 1.54 சதுர மீட்டர். சக்கர நாற்காலியும் உடன் ஒருவரும் செல்லப் போதுமானது. எடைக் கணக்கில் எட்டுப் பேர். தரைக் கணக்கிலும் எட்டுப் பேர். கட்டட உரிமையாளர் மேசை, கட்டில் ஏற்ற வசதியாக ஆழத்தை 1.6 மீட்டராக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரை 1.76 ஆகிறது, 630 கிலோவுக்கு உரிய 1.66-ஐத் தாண்டிவிட்டது. "எட்டுப் பேருக்கு மேல் ஏற மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தாலும் விதி ஒப்பாது. அந்தத் தரைக்கு 680 கிலோ கொள்ளளவு வேண்டும். 680-ஐ 75-ஆல் வகுத்தால் 9.07. தரையில் பத்துப் பேர் நிற்க இடமிருந்தும் எடை ஒன்பதோடு நிறுத்திவிடுகிறது. இதே 680 கிலோ இந்தியத் தகட்டில் பத்துப் பேர் என்று நிற்கும். மாறாக, லிஃப்ட் குழியில் இடம் பற்றாமல் ஆழத்தை 1.25 மீட்டராகக் குறைத்தால் தரை 1.375 சதுர மீட்டர். இயந்திரம் 630 கிலோவைத் தூக்கும். தரையோ ஏழு பேருக்குத்தான். அப்போது தகட்டில் 630 கிலோ, 7 பேர் என்று எழுத வேண்டும்.

தரையை அளப்பதிலும் நுணுக்கம் உண்டு. தரையிலேயே நாடாவை விரித்து அளப்பதில்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவருக்குச் சுவர் அளக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தாலும் அதைக் கழிக்கக் கூடாது; கம்பிக்கு மேலேயும் கீழேயும் மனிதர் உடல் இடம் பிடிக்கத்தான் செய்கிறது. சுவரில் மாடம் போலக் குடைந்த பகுதி இருந்தால், அது ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருந்தாலும், கதவு போட்டு மூடியிருந்தாலும், அதையும் பரப்பில் சேர்க்க வேண்டும். கதவு மூடிய பின் கதவுக்கும் கேபினின் முன் நிலைக்கும் நடுவே மிஞ்சும் பட்டை 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் அங்கேயும் ஒருவர் பாதம் வைத்து நிற்க முடியும் என்பதால் அதுவும் கணக்கில் வரும். வரம்பை ஒட்டி வடிவமைத்த கேபினில் இந்தப் பட்டை ஒன்றே முடிவை மாற்றிவிடும். 1.3 மீட்டர் அகலக் கேபினில் முகப்பில் 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு 12 சென்டிமீட்டர் பட்டை சேர்ந்தால் 0.108 சதுர மீட்டர். முக்கால் ஆள் நிற்கும் இடம்.

தரைப்பரப்பு முன்னெச்சரிக்கையாக நிற்கும் கட்டுப்பாடு. அதற்கு அடுத்த காவல், எடையை உணரும் கருவி. கேபின் தரைக்கு அடியில் இருக்கும் ரப்பர் திண்டுகள் எடை ஏற ஏறச் சில மில்லிமீட்டர் அமுங்கும். அந்த அமுக்கத்தை ஒரு சுவிட்ச் உணரலாம்; அல்லது தரைக்கு அடியிலோ, கயிறு பிணையும் இடத்திலோ பொருத்திய லோடு செல் எடையைக் கிலோவிலேயே அளக்கலாம். கொள்ளளவைவிட 10 சதவீதம் கூடும் முன் கருவி விழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஈஎன் 81-20 விதி. ஆனால் அந்த 10 சதவீதம் 75 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 75 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். விழித்ததும் ஒலியும் விளக்கும் எச்சரிக்கும், கதவு மூடாது, லிஃப்ட் கிளம்பாது. 544 கிலோ லிஃப்டுக்கு இந்த எல்லை 619 கிலோ. 75 கிலோ மனிதர்கள் எட்டுப் பேர் 600 கிலோ. கருவி பேசாமல் இருக்கலாம். ஒன்பதாமவர் ஏறினால் 675. கத்தியே ஆக வேண்டும். எட்டுப் பேரும் 85 கிலோ என்றால் 680 ஆகிவிடும். அப்போது தகட்டின்படி சரியான எண்ணிக்கை இருந்தும் லிஃப்ட் நகராது. அதில் கோளாறு எதுவும் இல்லை. தகட்டில் உள்ள எண்ணிக்கை சராசரி. கருவி பார்ப்பது உண்மையான எடை.

பல கட்டடங்களில் இந்தக் கருவிதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகிவிட்டால் அமுக்கம் குறையும். எவ்வளவு பேர் ஏறினாலும் சுவிட்ச் தொடாது. சிலசமயம் அடிக்கடி கத்துகிறது என்ற முறையீட்டால் யாரோ அதைத் தளர்த்தி வைத்திருப்பார்கள், அல்லது இணைப்பையே கழற்றியிருப்பார்கள். கேபின் தகட்டின் எண்ணிக்கையைவிட இரண்டு பேர் கூடுதலாக ஏறியும் எந்த ஒலியும் எழவில்லை, தளத்தோடு சமமாக நில்லாமல் ஓர் அங்குலம் கீழே இறங்கி நிற்கிறது, கிளம்பும்போது ஒரு குலுக்கல் தெரிகிறது என்றால் கருவியும் பிரேக்கும் உடனே பார்க்கப்பட வேண்டும். சோதிக்கும் முறை எளிது: பராமரிப்பாளர் எடைக் கட்டிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஏற்றி, எந்தக் கிலோவில் ஒலி எழுகிறது என்று குறிக்க வேண்டும். ஆட்களை ஏற்றிச் சோதிப்பது கூடாது.

கேபினை அழகுபடுத்தும் வேலையும் கணக்கைக் கலைக்கிறது. விரிப்பு இருந்த தரையில் 2 சென்டிமீட்டர் கனத்தில் கிரானைட் பதித்தால், 1.43 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 கிலோ சேர்கிறது. மூன்று சுவர்களிலும் கண்ணாடி பொருத்தினால் இன்னும் கூடும். இந்த எடை பயணிகள் இறங்கினாலும் இறங்காது. எதிர் எடையில் அதற்கு ஈடாகப் பாளம் சேர்க்காவிட்டால், எட்டாவது பயணி நிரந்தரமாக உள்ளே நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். எதிர் எடையைக் கூட்டினாலும் சக்கரத்தின் அச்சிலும் விழுந்தால் பிடிக்கும் கருவியிலும் மொத்த எடை கூடுகிறது. அவை அதற்கு ஏற்றவையா என்பதை லிஃப்ட் நிறுவனம்தான் சொல்ல முடியும். எடை உணரும் கருவியையும் புதிய வெறுங்கேபின் எடைக்குப் பூஜ்யத்தில் வைத்துத் திருத்த வேண்டும்.

இதுவரை சொன்ன எண்ணிக்கை பாதுகாப்புக்கு உரியது. அன்றாடப் போக்குவரத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் கட்டட வடிவமைப்பாளர் ஏமாந்துபோவார். பாதுகாப்புப் பட்டியல் கூடுதல் ஆளுக்கு 0.14 சதுர மீட்டர் என்று எண்ணுவது, மிக நெருக்கமாக நின்றால் என்னாகும் என்ற அச்சத்தில். மனிதர்கள் தாமாக அப்படி நிற்பதில்லை. போக்குவரத்துக் கணக்கில் ஒருவருக்கு 0.21 சதுர மீட்டர் என்று வைப்பது வழக்கம்; ஆடை அணிந்த உடல் 60 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள நீள்வட்டமாக எடுத்துக்கொண்டால் வரும் பரப்பு அது. 1600 கிலோ லிஃப்டின் தகட்டில் 21 பேர் என்று இருக்கும். அதன் 3.56 சதுர மீட்டரை 0.21-ஆல் வகுத்தால் 17 பேர்தான் வருகிறார்கள். எல்லாப் பயணத்திலும் முழுதாக நிரம்பாது என்பதால் அதிலும் 80 சதவீதம் எடுத்தால் 13-க்கும் 14-க்கும் நடுவே நிற்கிறது.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் அத்தகைய மூன்று லிஃப்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கீழிருந்து மேலே போய்த் திரும்ப இரண்டரை நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். காலையில் ஊழியர்கள் வந்து குவியும் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொன்றும் இரண்டு நடை. தகட்டின் எண்ணை நம்பினால் 126 பேர் மேலே போய்விடுவார்கள். உண்மையில் போவது 82 பேர் அளவில். மிச்சமுள்ள 44 பேர் தரைத்தளத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் வருபவர்கள் அவர்களுக்குப் பின்னால் சேர்கிறார்கள். லிஃப்ட் போதவில்லை என்று குறை எழும் கட்டடங்கள் பலவற்றில் இயந்திரம் நன்றாகவே இயங்கும். வரைபடம் போட்ட நாளில் பயன்படுத்திய எண்தான் தவறாக இருக்கும்.

மருத்துவமனையில் தகட்டுக்கும் பயனுக்கும் இடைவெளி இன்னும் பெரிது. படுக்கையோடு நோயாளியை ஏற்றும் லிஃப்டில், இந்திய அளவுப்படி, உட்புறம் 1 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் இருந்தால் தகடு 15 பேர், 1020 கிலோ என்று சொல்லும். சக்கரக் கட்டிலைத் தள்ளி உள்ளே விட்டபின் ஒரு செவிலியரும் உதவியாளரும் கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிற்பதே கடினம். எடையில் பாதிகூட நிரம்பியிருக்காது. இருந்தும் அந்த லிஃப்டை 300 கிலோவுக்குச் செய்ய முடியாது. பார்வையாளர் நேரத்தில் கட்டில் இல்லாமல் அதே தரையில் ஆட்கள் மட்டும் ஏறி நிரப்பிவிடுவார்கள். 2.40 சதுர மீட்டர் தரை இருக்கும்வரை ஆயிரம் கிலோ வலு அதற்குக் கட்டாயம்.